தபால்காரர் வழுக்காமல் நடக்க 16 பிக்ஸல் கணக்கு! - ரெட்ரோ கேம் அனிமேஷனுக்கு ப்ராம்ப்ட் எழுதுவது எப்படி?

பிறந்தநாள் அழைப்பிதழ், கல்யாண நாள் வாழ்த்து, கடைத் திறப்பு விளம்பரம் என்று எல்லாவற்றையும் பழைய வீடியோ கேம் பாணியில் செய்து ஸ்டேட்டஸில் போடுவது இப்போது சகஜமாகிவிட்டது. கட்டம் கட்டமான ஒரு குட்டி உருவம் இடமிருந்து வலமாக நடக்கும். பின்னால் மரம், வீடு, மேகமெல்லாம் நகரும். ஏஐ கருவியில் 'பிக்ஸல் ஆர்ட், ரெட்ரோ கேம், குறைந்த நிறங்கள், நடக்கும் உருவம், நகரும் பின்னணி' என்று ஒரு வரி ப்ராம்ப்ட் போட்டால் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது.

அந்த 'ஏதோ ஒன்றை' கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதல் இரண்டு விநாடி அசத்தலாக இருக்கும். அப்புறம் சட்டையின் நிறம் மெல்ல மாறும். கட்டங்கள் ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சிறிதாகவும் இருக்கும். எல்லாவற்றையும்விட, உருவம் நடக்காது. பனிக்கட்டியில் நிற்பவர்போல வழுக்கிக்கொண்டு போகும். கால்கள் ஒரு கணக்கில் ஆடும், தரை வேறொரு கணக்கில் ஓடும். திரும்பத் திரும்ப முயன்றால் இலவச அளவும் தீர்ந்துபோகும்.

இதற்குக் காரணம், 'குறைந்த நிறங்கள்' போன்ற வார்த்தைகளை நாம் அலங்காரமாக எழுதுவதுதான். அவை ஒரு காலத்தில் அலங்காரம் இல்லை. ஓர் இயந்திரத்தின் கறாரான கணக்குகள். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் ப்ராம்ப்ட் தானாகவே வேறுமாதிரி எழுத வரும்.

மீசை வந்த கதை

1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கருவிக்காக எழுதப்பட்டது. தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் டி.வி-யோடு இணைத்து, கேசட்டை ஊதி ஊதிச் சொருகி விளையாடினோமே, அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். அப்பா, அம்மாவிடம் கேட்டால் சொல்வார்கள்.

மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்தான். இன்று நீங்கள் அனுப்பும் ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதைவிடப் பெரிது. திரை 256-க்கு 240 பிக்ஸல். அதில் நகரும் உருவங்களுக்கு 'ஸ்ப்ரைட்' என்று பெயர். ஒரு ஸ்ப்ரைட்டுக்கு மூன்று நிறங்கள் மட்டுமே உண்டு. நான்காவது இடம் 'இங்கே எதுவும் வரையாதே, பின்னால் இருப்பது தெரியட்டும்' என்பதற்கு. மரியோவை உற்றுப் பாருங்கள். தொப்பிக்கு ஒரு சிவப்பு, முகத்துக்கு ஒரு தோல் நிறம், முடிக்கும் சட்டைக்கும் சேர்த்து ஒரு பழுப்பு. அவ்வளவுதான்!

அவருக்கு மீசையும் தொப்பியும் வந்ததுகூட இந்த நெருக்கடியால்தான். 1981-ல் வந்த 'டாங்கி காங்' விளையாட்டில்தான் அவர் முதலில் தோன்றினார். அந்தச் சின்ன கட்டத்துக்குள் வாயை வரைய இடமில்லை. பெரிய மூக்கின் கீழ் ஒரு மீசையை வைத்தால் முகம் புரிந்துவிடும். முடி பறப்பதை வரைய முடியாது. தொப்பி போட்டால் அந்தப் பிரச்னையே இல்லை. கை ஆடுவது உடலோடு கலந்துவிடாமல் இருக்க, உடையை இரண்டு நிறமாகப் பிரித்தார்கள். அவரை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

பின்னணிக்கும் இதே சிக்கனம்தான். நான்கு பேலட்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிறம், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிறம். திரையை 16-க்கு 16 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்தால், ஒரு கட்டத்துக்கு ஒரு பேலட்தான். ஸ்ப்ரைட்டுகளுக்கும் நான்கு பேலட். மொத்தமாகக் கூட்டினால் ஒரு நேரத்தில் திரையில் 25 நிறங்கள். அந்த விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான், தெரியுமா? வெள்ளை பேலட் கொடுத்தால் மேகம். பச்சை கொடுத்தால் புதர். நாற்பது வருடமாகப் பலரும் கவனிக்கவேயில்லை.

ஆக, 'குறைந்த நிறங்கள்' என்று சொன்னால் போதாது. எத்தனை நிறம், எவையெவை, எந்த நிறம் யாருக்கு என்று சொல்ல வேண்டும். பழைய படங்களில் நாம் ரசிப்பது பெரும்பாலும் அந்தப் பங்கீட்டைத்தான்.

வீடியோ வேண்டாம், நிரல் கேளுங்கள்

ப்ராம்ப்ட்டுக்குப் போகும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எதைக் கேட்கப்போகிறோம்? வீடியோவையா, இல்லை அந்த அனிமேஷனை வரையும் ஒரு சின்ன நிரலையா?

வீடியோ உருவாக்கும் ஏஐ கருவிகளுக்குக் கட்டம் என்ற ஒன்றே தெரியாது. அவை 'கட்டம் கட்டமாகத் தெரியும்' ஒரு தோற்றத்தை, ஆயிரக்கணக்கான நிறங்களில் பூசிக் கொடுக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு 'பிக்ஸலின்' ஓரத்தில் நான்கைந்து இடைநிறங்கள் மசமசவென்று இருக்கும். ஒரு கட்டம் ஏழு புள்ளி அகலம், பக்கத்துக் கட்டம் ஒன்பது புள்ளி அகலம் என்று வரும். எந்தக் கறாரான எண்ணைக் கொடுத்தாலும் அது ஒரு ஆலோசனை மாதிரிதான் அங்கே எடுத்துக்கொள்ளப்படும்.

நிரல் எழுதிக் கொடுக்கும் கருவியில் நிலைமை வேறு. நிறத்தை ஓர் எண்ணாக எழுதினால் அந்த நிறம்தான் வரும், பத்தாவது நிமிடத்திலும் அதேதான். 'ஒரு ஃப்ரேமுக்கு ஒரு பிக்ஸல் நகரு' என்றால் சரியாக ஒன்று நகரும். வருகிற நிரலை ஒரு ஃபைலாகச் சேமித்து மொபைல் பிரவுசரிலேயே திறந்து பார்த்துவிடலாம். எனவே பிக்ஸல் ஆர்ட்டைப் பொறுத்தவரை நிரலைக் கேட்பதே உத்தமம் என்பது என் கட்சி. எண்ணெய் ஓவியம்போல ஒரு மழைக்காட்சி வேண்டுமென்றால் வீடியோவையே கேளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

யாரை நடக்க வைப்பது?

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். மரியோவையே நடக்கவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவர் நிண்டெண்டோவின் சொத்து. கடை விளம்பரத்தில் அவரைப் போட்டால் வம்பு. நமக்கு நம் ஊர் ஆள் ஒருவர் போதும்.

பூக்கூடையோடு ஒரு பாட்டி? அழகாகத்தான் இருக்கும். ஆனால் புடவை காலை மறைத்துவிடும். 16 பிக்ஸல் அகலத்தில் நடை என்பதே இரண்டு கால்களுக்கு நடுவே தெரியும் இடைவெளிதான். அது தெரியாவிட்டால் உருவம் நகர்த்தி வைத்த பொம்மையாகிவிடும். ஆகவே, முதல் முயற்சிக்குக் கால்சட்டை போட்டவர்தான் சரி. காக்கிச் சட்டை, தோளில் பை... தபால்காரர்!

அவருக்கு மூன்று நிறம். உடைக்குக் காக்கி, முகத்துக்கும் கைக்கும் பழுப்பு, முடி, பை, செருப்புக்கு ஒரு கருநீலம். அளவு 16 பிக்ஸல் அகலம், 24 பிக்ஸல் உயரம்.

பின்னணிக்கு மேலும் நான்கு நிறம் மட்டும்: வானத்துக்கு ஒரு நீலம், பனைமரத்துக்குப் பச்சை, சுவருக்குச் செங்கல் நிறம், மண்பாதைக்கும் மேகத்துக்கும் சேர்த்து ஒரு வெளிர் நிறம். இந்தப் பங்கீட்டில் ஒரு காரணம் இருக்கிறது. சுவரை வெளிர் நிறமாக வைத்தால் காக்கிச் சட்டை அதில் கரைந்துவிடும். செங்கல் நிறத்தில் காக்கி பளிச்சென்று நிற்கும். ஆனால், பழுப்பு முகம் செங்கல் சுவரில் தொலைந்துபோகும். எனவே சுவரைத் தோள் உயரத்துக்கு மட்டும் கட்டுவோம். முகம் நீல வானத்தின் மேல் தெரியும். பாதை வெளிர் நிறம் என்பதால் கருநீலச் செருப்பு ஒவ்வோர் அடியிலும் தெளிவாகத் தெரியும். எழுதும் முன் ஐந்து நிமிடம் இதை யோசித்துவிட்டால், பிறகு ஐம்பது தடவை திருத்த வேண்டியதில்லை.

நடை என்பது நான்கு படம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நடையை நான்கு படங்களாகப் பிரிக்கலாம். முதல் படத்தில் வலது கால் முன்னே, இடது கால் பின்னே, இரண்டும் தரையில். இரண்டாவதில் உடல் வலது காலின் மேல் வந்து நிற்கும்; இடது கால் தரையை விட்டுத் தூக்கி, முழங்காலைக் கடக்கும். மூன்றாவது, முதல் படத்தின் மறுபக்கம்: இடது கால் முன்னே. நான்காவது, இரண்டாவதன் மறுபக்கம். பிறகு மறுபடி முதல் படம்.

இதில் ஒரு நுணுக்கம். பக்கவாட்டில் பார்க்கும்போது இரண்டு கால்களும் ஒரே நிறமாக இருந்தால் முதல் படமும் மூன்றாவது படமும் ஒன்றுபோலவே தெரியும். நொண்டுவது மாதிரி ஒரு தோற்றம் வரும். அதற்காக, நமக்கு அந்தப் பக்கமாக இருக்கும் காலை முழுக்கக் கருநீலத்தில் வரையச் சொல்ல வேண்டும். நிழலில் இருக்கும் கால் என்று கண் எடுத்துக்கொள்ளும். புது நிறமும் செலவாகவில்லை!

இன்னொன்று. நாம் நடக்கும்போது தலை ஒரே மட்டத்தில் போவதில்லை. கால்கள் அகன்றிருக்கும்போது உடல் தாழும். ஒற்றைக் காலில் நிற்கும்போது உயரும். அதனால் இரண்டாவது, நான்காவது படங்களில் இடுப்புக்கு மேலே எல்லாம் ஒரு பிக்ஸல் உயர வேண்டும். ஒரே ஒரு பிக்ஸல்தான். இரண்டு வைத்தால் ஆள் துள்ளுவார்.

வழுக்கலை நிறுத்தும் கணக்கு

தபால்காரர் உண்மையில் எங்கும் போவதில்லை. திரையில் ஒரே இடத்தில் நின்று காலை ஆட்டுகிறார். பின்னணிதான் இடதுபக்கம் ஓடுகிறது. ஃபேமிகாமிலும் கிட்டத்தட்ட இதேதான். நினைவகத்தில் இரண்டு திரை அகலத்துக்குப் பின்னணி இருக்கும். மரியோ திரையின் நடுப்பகுதிக்கு வந்ததும் பின்னணி நகர ஆரம்பிக்கும்; கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் அடுத்து வரவேண்டிய காட்சியைக் கருவி வரைந்துகொண்டே வரும். இடதுபக்கம் கடந்துபோன காட்சிக்குத் திரும்ப முடியாது என்பது விளையாடியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எனவே, கால் பின்னே போகும் வேகமும் தரை பின்னே போகும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வழுக்கல் பிரச்னை மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். முதல் படத்தில் வலது பாதம் உடலின் நடுவிலிருந்து 4 பிக்ஸல் முன்னே இருக்கிறது. இரண்டாவது படத்தில் நேர் கீழே. மூன்றாவது படத்தில் 4 பிக்ஸல் பின்னே. அதாவது, ஒவ்வொரு படத்துக்கும் தரையில் ஊன்றிய பாதம் 4 பிக்ஸல் பின்னே போகிறது. ஆகவே, ஒரு படம் மாறும் நேரத்துக்குள் தரையும் சரியாக 4 பிக்ஸல் நகர வேண்டும். விநாடிக்கு 30 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்குத் தரை ஒரு பிக்ஸல் என்று வைத்தால், ஒவ்வொரு படத்தையும் 4 ஃப்ரேம் நிறுத்த வேண்டும். நான்கு படத்துக்கு 16 ஃப்ரேம், 16 பிக்ஸல். கணக்கு நேராகிவிட்டது. இந்த வேகத்தில் விநாடிக்குக் கிட்டத்தட்ட நான்கு அடி வைப்பார். மணியார்டரோடு வருகிறார், விறுவிறுவென்றுதான் நடப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை 4 ஃப்ரேம் நிறுத்தும்போது அதற்குள் பாதம் மூன்று பிக்ஸல் வழுக்கி, பிறகு சரியான இடத்துக்குத் தாவும். அது உண்மைதான். ஆனால், ஒவ்வொரு முறையும் சரியாகி விடுவதால் கண் மன்னித்துவிடும். கணக்கே தப்பாக இருந்து வழுக்கல் சேர்ந்துகொண்டே போனால்தான் மன்னிக்காது. மெதுவாக நடக்கவைக்க வேண்டுமா? தரையின் வேகத்தைப் பாதியாக்கினால், படத்தை நிறுத்தும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மரியோ ஓடும்போதும் அவருடைய கால் படங்கள் வேகமாக மாறுவது இதனால்தான்.

மரம் மெதுவாக, சுவர் வேகமாக

பஸ் ஜன்னலில் பார்த்தால் பக்கத்து வேலி பறக்கும். தூரத்துப் பனைமரம் மெதுவாக நகரும். அதைக் கொண்டுவர, பின்னணியை அடுக்குகளாகப் பிரிப்பார்கள். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் இது கிடையாது. ஃபேமிகாமுக்கு ஒரே பின்னணி அடுக்குதான். மேகமும் குன்றும் தரையோடு ஒரே வேகத்தில் போகும். 1990-ல் வந்த சூப்பர் ஃபேமிகாமில்தான் பல அடுக்குகள் சுலபமாயின. கறாராக 1985 வேண்டும் என்பவர்கள் ஒரே அடுக்கைக் கேளுங்கள். எனக்கு அந்தப் பஸ் ஜன்னல் பிடிக்கும் என்பதால் இரண்டு வைக்கிறேன்.

சுவரும் பாதையும் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு பிக்ஸல். பனைமரங்கள் இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு பிக்ஸல். வானமும் மேகமும் நகராது. திரை 320-க்கு 180 என்று எடுத்துக்கொள்வோம். இதை நான்கு மடங்காக்கினால் 1280-க்கு 720, ஆறு மடங்காக்கினால் 1920-க்கு 1080. முழு எண் மடங்கு என்பதால் எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருக்கும். நான்கரை மடங்கு என்று வந்தால்தான் சில கட்டங்கள் தடித்தும் சில மெலிந்தும் போகும்.

சுவர்த் துண்டின் அகலம் 320 பிக்ஸல் என்றால் 320 ஃப்ரேமில் ஒரு சுற்று முடியும். அதற்குள் பனைமரங்கள் 160 பிக்ஸல் நகர்ந்திருக்கும். எனவே, மரத் துண்டின் அகலம் 160 ஆக இருந்தால் இரண்டும் ஒரே கணத்தில் ஆரம்ப நிலைக்கு வரும். நடை? 320-ஐ 16-ஆல் வகுத்தால் 20, மீதியில்லை. அவரும் சரியாக முதல் படத்தில் இருப்பார். பத்தே முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு லூப், தையல் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இத்தனையும் சேர்ந்து ப்ராம்ப்ட் இப்படி வரும். தமிழிலும் எழுதலாம், ஆனால், நிறக் குறியீடுகளும் எண்களும் அப்படியே இருக்கட்டும்.

```
Write one HTML file with a canvas animation. No image files.
Canvas 320x180. Enlarge by whole numbers only, no smoothing.
30 frames per second, counted by clock time, not screen refresh.
Use only these 7 colours, no gradients, no transparency:
sky #8FD3E8, palm #2F7D4A, wall #B5533C, road and clouds #F2E6C9,
khaki #C2A46B, skin #8A4F2D, dark #1A1C2C
Sprite: postman, side view facing right, 16x24, shoulder bag.
He stays at x=96. Use only khaki, skin and dark.
Walk cycle, 4 drawings: contact, passing, opposite contact,
opposite passing. Hold each for 4 frames.
Feet 4 px ahead and 4 px behind at contact.
Upper body 1 px higher in the passing drawings. Far leg all dark.
Sky and clouds: still.
Palms: 160 px strip, moves left 1 px every 2 frames.
Wall (shoulder high) and road: 320 px strip, 1 px every frame.
Put one crack in the wall as a marker.
Whole-number positions only. Exact loop at 320 frames.
```

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். இன்றைய மொபைல் திரைகள் சில விநாடிக்கு 60 முறை, சில 90, சில 120 முறை புதுப்பிக்கப்படுகின்றன. திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு பிக்ஸல் நகரு என்று நிரல் எழுதப்பட்டால், உங்கள் போனில் நடக்கும் தபால்காரர் தம்பியின் புது போனில் ஓடுவார். கடிகாரத்தை வைத்து எண்ணச் சொன்னால் எல்லாப் போனிலும் ஒரே நடை.

வந்ததைச் சோதிப்பது

சுவரில் ஒரு விரிசல் கேட்டோமே, அது சோதனைக்காக. திரையைப் பதிவுசெய்து மெதுவாக ஓட்டுங்கள். பாதம் தரையைத் தொடும் கணத்தில் விரிசல் அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த படம் மாறும் கணத்திலும் அதே தூரம் இருந்தால் நடை சரி. விரிசல் பாதத்தை முந்திக்கொண்டு பின்னே போனால் தரை வேகம் அதிகம். பாதம் முந்தினால் தரை மந்தம். ப்ராம்ப்ட்டில் நிறுத்தும் ஃப்ரேம் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். இரு விரலால் நன்றாகப் பெரிதாக்குங்கள். தபால்காரரின் ஓரங்கள் படிக்கட்டுபோலக் கூர்மையாக இருக்க வேண்டும். ஓரத்தில் சாம்பல் மூட்டம் தெரிந்தால் எங்கோ மென்மையாக்கல் அணைக்கப்படவில்லை அல்லது முழு எண் அல்லாத இடத்தில் வரையப்படுகிறது என்று பொருள். மூன்றாவதாக, லூப் முடியும் பதினோராவது விநாடி வாக்கில் சுவரையும் மரத்தையும் கவனியுங்கள். ஒரு செங்கல் வரிசை பாதியில் வெட்டுப்பட்டாலோ, பனை ஓலை நறுக்கென்று நின்றாலோ துண்டின் இடது ஓரமும் வலது ஓரமும் பொருந்தவில்லை. 'ஓரங்களில் மரம் வராமல் பார்த்துக்கொள்' என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

தபால்காரரின் முகம் முதல் தடவையிலேயே அழகாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 16 பிக்ஸல் அகலத்தில் ஒரு பிக்ஸல் இடம் மாறினால் மூக்கு வாயாகிவிடும். நடை, வேகம், நிறம் இவற்றை நிரல் பார்த்துக்கொள்ளும். உருவத்தைக் கையால் திருத்துவதுதான் சீக்கிரம் முடியும். நிரலுக்குள் அந்த உருவம் பெரும்பாலும் எழுத்துகளின் வரிசையாக இருக்கும், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல. காக்கிக்கு ஓர் எழுத்து, தோலுக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தை மாற்றினால் அந்தப் புள்ளியின் நிறம் மாறும். வீட்டில் கோலம் போடத் தெரிந்தவர் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுத்துவிடலாம்.

கடைசியாக வீடியோவாக்கி அனுப்புவது. வீடியோக்கள் சுருக்கப்படும்போது, வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகவும், நிறம் இரண்டுக்கு இரண்டு புள்ளிகளுக்குச் சேர்த்தும் சேமிக்கப்படுவது வழக்கம். 320-க்கு 180 அளவிலேயே வீடியோவாக்கினால் செங்கல் நிறம் பக்கத்துக் காக்கியில் வழிந்துவிடும். முதலில் நான்கு மடங்கு பெரிதாக்கிவிட்டால், நம்முடைய ஒரு பிக்ஸல் நான்குக்கு நான்கு புள்ளிகளாகிவிடும். நிறம் கட்டத்துக்குள்ளேயே அடங்கும். அப்புறமும் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் கொஞ்சம் மங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

இது ஓடத் தொடங்கியதும் வானத்தின் ஒரு குறியீட்டை மட்டும் கருநீலத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரவாகிவிடும். ஆனால், தபால்காரரின் முடியும் அதே கருநீலம் என்பதால் தலை வானத்தோடு கலந்துவிடும். அவருக்கு ஒரு காக்கித் தொப்பி போட வேண்டியிருக்கும். பூக்கூடைப் பாட்டியையும் இனி முயலலாம். கால் தெரியாது என்பதால், கொசுவத்தின் கீழ் ஓரத்தை ஒவ்வொரு படத்திலும் ஒரு பிக்ஸல் முன்னும் பின்னும் ஆடவிட்டு, செருப்பின் நுனியை மட்டும் வெளியே காட்டச் சொல்லுங்கள். அடி சிறியதாக இருக்கும். முன்னே 2 பிக்ஸல், பின்னே 2 பிக்ஸல். எனவே தரை, ஒரு படத்துக்கு இரண்டு பிக்ஸல்தான் நகர வேண்டும்.